முதல் வாரத்தில் வரும் பணமும் முன்கூட்டியே போகும் பணமும்: ஒரு மலையகப் படத்தின் கணக்கு

கேள்வி: ஐயா, நான் ஹற்றனுக்கு அருகிலுள்ள தோட்டமொன்றில் பிறந்து, இப்போது ஆசிரியராக இருக்கிறேன். நண்பர்கள் சேர்ந்து தோட்ட வாழ்க்கையை வைத்து ஒரு முழுநீளப் படத்தை எடுத்து முடித்திருக்கிறோம். இதுவரை 24 இலட்சம் ரூபா செலவாகிவிட்டது. எடிட்டிங், ஒலி, வர்ணச் சீராக்கம் ஆகியவற்றுக்கு 11 இலட்சமும் வெளியீட்டுக்கு 7 இலட்சமும் இன்னும் தேவை. ஓய்வுபெற்ற அப்பா தமது சேமலாப நிதியிலும் பணிக்கொடையிலும் இருந்து 12 இலட்சம் தருகிறேன் என்கிறார். அம்மாவின் நகையை அடகு வைத்தால் 6 இலட்சம் கிடைக்கும். 5 தியேட்டர்களில் போட்டால் முதல் வாரமே 20 இலட்சம் வசூலாகும், இரண்டு மாதம் ஓடினால் போட்டது பல மடங்காகத் திரும்பும் என்று விநியோகம் தெரிந்த ஒருவர் சொல்கிறார். தொலைக்காட்சி உரிமைக்கு 3 இலட்சம் தருவதாகவும் ஒரு பேச்சு இருக்கிறது. பணத்தைப் போடலாமா?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவின் நகையை அடகு வைக்க வேண்டாம். அப்பாவின் 12 இலட்சத்தையும் ஒரே தடவையில் எடுக்க வேண்டாம். படத்தைக் கைவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அதை முடித்து மக்களுக்குக் காட்டலாம் என்பதே என் எண்ணம். ஆனால் உங்களுக்குச் சொல்லப்பட்ட வழியில் அல்ல. ஏன் என்பதை உங்கள் எண்களை வைத்தே காட்டுகிறேன்.

முதல் வாரம் 20 இலட்சம், ஆகவே எட்டு வாரத்தில் 160 இலட்சம் என்ற எண்ணம்தான் அந்தப் பேச்சுக்கு அடியில் இருக்கிறது. நாம் தேயிலைக்கு நடுவில் வளர்ந்தவர்கள். தேயிலையில் செடி நட்டு முதல் சில வருடங்கள் செலவு மட்டுமே இருக்கும், அதன்பின் வாரத்துக்கு ஒரு தடவை என்று பல பத்தாண்டுகள் கொழுந்து வந்துகொண்டிருக்கும். முதலில் பெரிய செலவு இருப்பதில் மட்டுமே படம் தேயிலையைப் போன்றது. வருமானத்தின் நடத்தை அதற்கு நேர் எதிரானது. ஒரு படத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் ஓர் அளவான கூட்டம். அவர்களில் பெரும்பாலோர் ஒரு தடவைதான் பார்ப்பார்கள். ஆவல் மிகுந்தவர்கள் முதல் நாட்களிலேயே வந்துவிடுவார்கள். அவர்கள் வந்து போனபின் மிஞ்சுவது ஆவல் குறைந்த கூட்டம். அதற்குள் அடுத்த வெள்ளிக்கிழமை தமிழ்நாட்டிலிருந்து ஒரு புதுப் படம் வந்து மாலைக் காட்சியை எடுத்துக்கொள்ளும், கைப்பேசியில் பிடித்த பிரதி ஒன்றும் சுற்றத் தொடங்கியிருக்கும்.

எனவே இரண்டாம் வார வசூல் முதல் வாரத்தின் ஒரு பங்காகவும், மூன்றாம் வார வசூல் இரண்டாம் வாரத்தின் அதே பங்காகவும் இறங்குகிறது என்று வைத்துக் கணக்கிடுவதுதான் நியாயமான தொடக்கம். ஒவ்வொரு வாரமும் முந்தைய வாரத்தின் 45 சதவீதம் மிஞ்சுகிறது என்று வைப்போம். பெயர் பெற்ற நடிகர் இல்லாத படத்துக்கு இது கஞ்சத்தனமான ஊகம் அல்ல. 20 இலட்சம், 9 இலட்சம், ஏறத்தாழ 4 இலட்சம் என்று மூன்று வாரங்களில் 33 இலட்சம் வருகிறது. அதற்குப் பிறகும் தியேட்டர்காரர் படத்தை வைத்திருந்தால், எத்தனை மாதம் ஓடினாலும் மொத்தம் 36 இலட்சத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். முதல் வாரத் தொகையை, ஒன்றிலிருந்து அந்தப் பங்கைக் கழித்து வரும் எண்ணால் வகுத்தால் இந்த உச்ச எல்லை கிடைக்கும். இங்கே 20ஐ 0.55ஆல் வகுக்கிறோம். நடைமுறையில் மூன்றாம் வார முடிவில் படத்தை எடுத்துவிடுவார்கள் என்பதால், முதல் வாரத் தொகையை 1.65ஆல் பெருக்குவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மக்கள் வாய்மொழியாகப் பரப்பி நன்றாக ஓடும் படத்தில் 60 சதவீதம் மிஞ்சலாம்; அப்போது எல்லை முதல் வாரத்தின் இரண்டரை மடங்கு. எட்டு மடங்கு என்பது எந்த நியாயமான ஊகத்திலும் வராது.

அடுத்து, 33 இலட்சம் என்பது டிக்கெட் கவுண்டரில் சேரும் பணமே தவிர உங்கள் கைக்கு வரும் பணம் அல்ல. ஒரு டிக்கெட் 600 ரூபா என்று கொள்வோம். அதில் உள்ளூராட்சி சபையின் களியாட்ட வரி முதலியன போக 540 மிஞ்சுகிறது என்றும், தியேட்டர் பாதியை எடுத்துக்கொள்கிறது என்றும், மீதி 270இல் விநியோகஸ்தர் 15 சதவீதம் கழிவு எடுக்கிறார் என்றும் வைத்தால், தயாரிப்பாளருக்கு ஏறத்தாழ 230 ரூபா வருகிறது. வரி வீதம் சபைக்குச் சபை மாறும், பங்கு ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். ஆகவே இந்த எண்களை எடுத்துவிட்டு உங்கள் ஒப்பந்தத்தின் எண்களை இட்டுப் பாருங்கள். என் எண்களின்படி 33 இலட்சத்தில் உங்களுக்கு வருவது 12.6 இலட்சம். தொலைக்காட்சிக்காரர் சொன்ன 3 இலட்சத்தைச் சேர்த்தாலும் 15.6 இலட்சம். நீங்கள் இனிமேல் போட வேண்டியதோ 18 இலட்சம். அதாவது விநியோகம் தெரிந்தவர் சொன்ன முதல் வார வசூல் அப்படியே நடந்தாலும், புதிதாகப் போடும் பணம்கூட முழுதாகத் திரும்பாது.

இங்கே 18ஐ மட்டும் சொல்கிறேன், 42ஐ அல்ல. இது முக்கியமானது. ஏற்கெனவே செலவான 24 இலட்சம் எந்த முடிவை எடுத்தாலும் திரும்பப் போவதில்லை. படத்தை முடித்தாலும் அது போனதுதான், அலமாரியில் வைத்தாலும் போனதுதான். இன்று நீங்கள் எடுக்க வேண்டிய முடிவு, இனிமேல் போடும் பணம் இனிமேல் வரும் பணத்தால் மீளுமா என்பது மட்டுமே. "இவ்வளவு போட்டுவிட்டோம், இனி விட முடியாது" என்ற உணர்வு எனக்குப் புரிகிறது. அந்த உணர்வுதான் பல குடும்பங்களில் நகையையும் வீட்டுக்கு வைத்திருந்த சேமிப்பையும் கொண்டுபோயிருக்கிறது. அதே காரணத்தால், 42 இலட்சமும் மீளாது என்பதற்காக ஒரு படத்தை முடிக்காமல் விடுவதும் தவறு.

இதை ஒரு காட்சிக்கு எத்தனை பேர் வர வேண்டும் என்ற அளவுக்குக் கொண்டுவந்தால் மனத்தில் பதியும். 5 தியேட்டர்கள், நாளுக்கு இரண்டு காட்சிகள், ஏழு நாட்கள் என்றால் முதல் வாரத்தில் 70 காட்சிகள். உங்களுக்குச் சொல்லப்பட்ட 20 இலட்சம் என்பது காட்சிக்குச் சராசரியாக 48 பேர். தொலைக்காட்சிப் பணம் நிச்சயம் வருகிறது என்று வைத்து, மீதி 15 இலட்சத்தைத் தியேட்டரிலிருந்து எடுக்க வேண்டுமானால் காட்சிக்கு 56 பேர் வர வேண்டும். 42 இலட்சத்தையும் மீட்க வேண்டுமானால் 147 பேர் வர வேண்டும். திங்கள் பகல் காட்சி, செவ்வாய்ப் பகல் காட்சி எல்லாவற்றையும் சேர்த்த சராசரி இது. உங்களுக்குத் தெரிந்த தியேட்டர் ஒன்றுக்கு, பெரிய நடிகர் இல்லாத ஒரு படம் ஓடும் வாரத்தில், செவ்வாய்க்கிழமை பகல் ஒரு தடவை போய் உள்ளே எத்தனை தலைகள் என்று எண்ணிப் பாருங்கள். நான் எழுதும் எதையும்விட அந்த எண்ணிக்கை உங்களுக்கு அதிகம் சொல்லும்.

இனி காலத்தின் விலை. முதலீட்டை மதிப்பிடுகிறவர்கள் பிற்காலத்தில் வரும் பணத்தை ஒரு கழிவு வீதத்தால் குறைத்து, தேறிய நிகழ்காலப் பெறுமதியைக் காண்பார்கள். அபாயம் அதிகமான முயற்சிக்குக் கழிவு வீதத்தை உயர்த்துங்கள் என்பது பாடப்புத்தக ஆலோசனை. அணைக்கட்டுக்கும் தொழிற்சாலைக்கும் அது வேலை செய்யும். படத்துக்கு அது ஏமாற்றும். வருடத்துக்கு 30 சதவீதம் என்ற கடுமையான வீதத்தைப் போட்டாலும், முதல் வாரத்துக்கும் மூன்றாம் வாரத்துக்கும் இடையில் அது குறைப்பது நூற்றுக்கு ஒன்றரை ரூபாவைத் தாண்டாது. பணம் வந்தால் சீக்கிரமே வந்துவிடும் என்பதால் வீதத்துக்குக் கடிக்க இடமில்லை. அதனால் கணக்குத் தாளில் எல்லாம் பாதுகாப்பாகத் தெரியும். உண்மையான அபாயம் முதல் வாரத்தின் எண்ணில் இருக்கிறது, அதை வீதத்தில் ஒளித்து வைக்க முடியாது.

காலம் உண்மையில் காசைத் தின்பது வெளியீட்டுக்கு முன்னால். இன்று பணத்தைப் போட்டு, ஸ்டூடியோ வேலை ஆறு மாதம் இழுத்து, பின் தியேட்டரும் விநியோகஸ்தரும் கணக்கு முடித்துத் தர மூன்று மாதம் ஆனால், ஒன்பது மாதம் பணம் முடங்கிக் கிடக்கும். நகை அடகுக்கு வருடம் 15 சதவீதம், அப்பாவின் பணம் வங்கியில் நிலையான வைப்பில் இருந்தால் கிடைத்திருக்கக்கூடிய வட்டி 8 சதவீதம் என்று உதாரணத்துக்கு வைத்தால், அந்த ஒன்பது மாதத்தின் விலை ஏறத்தாழ 1.4 இலட்சம். உங்கள் 56 பேர் இப்போது 62 பேராகிறது. தொலைக்காட்சிப் பேச்சு கைகூடாவிட்டால் 73 பேராகிறது. வெளியீடு இன்னொரு ஆறு மாதம் தள்ளிப்போனால் மேலும் 90 ஆயிரத்துக்கு மேல் சேர்கிறது. அடகு நகையைப் பொதுவாக ஓராண்டுக்குள் மீட்க வேண்டியிருக்கும் என்பதையும், ஸ்டூடியோக்கள் சொன்ன நாளில் வேலையை முடிப்பது அரிது என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். தவணையைப் பற்றியும் ஒரு சொல்: படத்தை நம்பி ஐந்து வருடத் தவணைக் கடன் எடுக்கலாமா என்று பலர் கேட்பார்கள். படத்தின் பணம் ஐந்து வாரத்தில் வந்து முடிந்துவிடும்; அதன்பின் மீதித் தவணை முழுவதும் உங்கள் ஆசிரியர் சம்பளத்திலிருந்துதான் போகும்.

முதல் வார எண்ணுக்குத் திரும்புகிறேன். அதை ஓர் எண்ணாக வைக்காமல் மூன்றாக வையுங்கள். காட்சிக்கு 120 பேர் வந்தால், முதல் வாரம் 50 இலட்சம் வசூலாகி, உங்கள் பங்கும் தொலைக்காட்சிப் பணமும் சேர்ந்து 35 இலட்சம் அளவில் வரும். வட்டியோடு போட்ட 19.4 இலட்சம் போக 15 இலட்சத்துக்கு மேல் மிஞ்சும். 60 பேர் வந்தால் ஏறத்தாழ போட்டதே திரும்பும். 30 பேர் மட்டும் வந்தால் நிலைமை இதில் பாதி என்று நினைக்க வேண்டாம். கூட்டம் குறைந்த படத்துக்கு இரண்டாம் வாரம் தியேட்டர்காரர் ஒரு காட்சியைக் குறைப்பார், மூன்றாம் வாரம் எடுத்துவிடுவார். ஆகவே 1.65க்குப் பதில் 1.25 மடங்கே கிடைக்கும். கையில் வருவது தொலைக்காட்சிப் பணத்தோடு சேர்த்து 9 இலட்சம். நட்டம் 10 இலட்சத்துக்கு மேல். அப்பா ஆயுள் முழுதும் உழைத்துச் சேர்த்த 12 இலட்சத்தின் பெரும்பகுதி அது. மேலே போனால் உங்களுக்கும் நண்பர்களுக்கும் பங்கு இருக்கிறது, கீழே போனால் அது பெற்றோரின் தலையில் மட்டும் விழுகிறது. எனக்கு மிகவும் உறுத்துவது இதுதான்.

இந்த மூன்றில் எது நடக்கும் என்று வெளியீட்டுக்கு முன் எவராலும் சொல்ல முடியாது. வெளியான நான்காம் நாளில் ஓரளவு சொல்லலாம், அதற்கும் சரியாகப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். சிறிய படங்களின் முதல் மூன்று நாள் வசூல் பெரும்பாலும் பொய்யான நம்பிக்கையைத் தருகிறது. நடித்தவர்களின் உறவினர், இயக்குநரின் பாடசாலை நண்பர்கள், படப்பிடிப்பு நடந்த தோட்டத்து மக்கள் எல்லோரும் வெள்ளி, சனி, ஞாயிறில் வந்துவிடுவார்கள். அவர்கள் படம் எப்படி இருந்தாலும் வந்திருப்பார்கள், ஆகவே அவர்களுக்குப் பின்னால் வேறொரு கூட்டம் வரும் என்பதற்கு அவர்கள் அடையாளம் அல்ல. இப்படித் தொடங்கும் படம் 45 சதவீதத்தைவிட வேகமாக இறங்கும்.

தியேட்டரின் அன்றாட வசூல் தாளில் ஒவ்வொரு காட்சிக்கும் முதல் டிக்கெட் எண்ணும் கடைசி டிக்கெட் எண்ணும் இருக்கும். ஞாயிறு மாலைக் காட்சியின் தாளில் 4121இல் தொடங்கி 4178இல் முடிந்திருந்தால் 58 டிக்கெட்டுகள். கவுண்டருக்கு அருகில் உங்கள் குழுவில் ஒருவர் நின்று, அவற்றில் தெரிந்த முகங்கள் எத்தனை, இலவசச் சீட்டுகள் எத்தனை என்று குறித்திருந்தால், அந்நியர்கள் 20 பேர்தான் என்று தெரியவரலாம். உங்கள் கணக்குக்குப் பயன்படும் எண் அந்த 20தான். இரண்டாம் வெள்ளிக்கிழமையை முதல் வெள்ளிக்கிழமையோடு ஒப்பிடுங்கள்; ஞாயிறைத் திங்களோடு ஒப்பிட வேண்டாம், ஏனெனில் வேலை நாள் எப்போதும் குறையும். ஆனால் அந்த உண்மை தெரியும் நேரத்தில் 18 இலட்சமும் செலவாகியிருக்கும். உங்களுக்குச் சொல்லப்பட்ட திட்டத்தின் மிகப் பெரிய குறை அதுவே. பணம் முழுவதும் போனபிறகுதான் முதல் செய்தியே வருகிறது.

ஆகவே பணம் போவதையும் செய்தி வருவதையும் மாற்றி அடுக்க முடியுமா என்று பார்ப்போம். மலையகத்துக்கு இதற்கு ஒரு வசதி இருக்கிறது. நம் பார்வையாளர்கள் ஒரு நகரத்தில் குவிந்திருக்கவில்லை. பொகவந்தலாவைக்காரரும் பண்டாரவளைக்காரரும் ஒரே தியேட்டருக்கு வரப் போவதில்லை. வசூல் இறங்குவது நாள் கடப்பதால் மட்டுமல்ல, ஓர் ஊரின் ஆவல் தீர்ந்துபோவதால்தான். ஊர் மாறினால் முதல் நாள் மறுபடியும் வருகிறது. ஒரே நேரத்தில் ஐந்து தியேட்டர்களில் போட்டு எல்லா ஊர்களின் ஆவலையும் ஒரே வாரத்தில் செலவழிப்பதற்குப் பதில், ஹற்றன், தலவாக்கலை, மஸ்கெலியா, நுவரெலியா, பண்டாரவளை, பதுளை என்று ஒவ்வொரு ஞாயிறும் ஓர் ஊரின் மண்டபத்தில் காட்டலாம்.

இதன் கணக்கு வேறு மாதிரி. மண்டப வாடகை 25 ஆயிரம், புரொஜெக்டரும் ஒலியும் 20 ஆயிரம், வாகனம் 10 ஆயிரம், சுவரொட்டி 5 ஆயிரம் என்று ஒரு நாளைக்கு 60 ஆயிரம் செலவு என்று கொள்வோம். டிக்கெட் 300 ரூபா, 250 பேர் வந்தால் 75 ஆயிரம். வரி போக 67,500. மிஞ்சுவது 7,500 மட்டுமே. ஒரு காட்சிக்காக இவ்வளவு தூரம் போவது வீண் என்று இதைப் பார்த்ததும் தோன்றும். அதே நாளில் அதே மண்டபத்தில் இரண்டு காட்சிகள் காட்டினால், செலவு 65 ஆயிரத்தைத் தாண்டாது, வருவது வரி போக 135 ஆயிரம். மிஞ்சுவது 70 ஆயிரம். மண்டபமும் கருவிகளும் ஒரு நாளுக்கான செலவு என்பதால், இரண்டாம் காட்சிதான் உங்கள் வருமானம். இடையில் தியேட்டர் பங்கும் விநியோகஸ்தர் கழிவும் இல்லை. இப்படிப் பத்து ஊர்களில் 7 இலட்சம் சேரும். இரண்டு காட்சிக்கும் சேர்த்து 300 பேர்தான் வந்தார்கள் என்றால் மிஞ்சுவது 16 ஆயிரம். அப்போது மூன்றாம் ஊரோடு நிறுத்திவிடலாம், மேற்கொண்டு நட்டம் இல்லை. தியேட்டர் வெளியீட்டில் இந்த நிறுத்தும் உரிமை உங்களிடம் இருக்காது.

நாளைத் தெரிவு செய்வதும் கணக்கின் ஒரு பகுதி. ஒரு நாளில் எல்லாம் முடிந்துவிடும் நிகழ்ச்சிக்கு அந்த நாள் கெட்டால் மறுநாள் இல்லை. ஹற்றன், மஸ்கெலியா பக்கங்களில் தென்மேற்குப் பருவமழை பிடிக்கும் மே மாத இறுதி முதல் செப்டெம்பர் வரை மாலைக் காட்சியை நம்ப முடியாது. பதுளைப் பக்கத்தில் வருட இறுதியில் வரும் வடகீழ்ப் பருவமழைதான் தொல்லை. ஆகவே இரண்டு பக்கங்களுக்கும் ஒரே அட்டவணை போட வேண்டாம். தோட்டத்தில் சம்பளம் 10ஆம் திகதியை ஒட்டிக் கிடைக்கிறது என்றால், அதற்கடுத்த ஞாயிறுக்கும் மாதக் கடைசி ஞாயிறுக்கும் இருக்கும் வித்தியாசத்தை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தீபாவளி வாரத்தைத் தமிழ்நாட்டுப் பெரிய படங்களுக்கு விட்டுவிடுங்கள்.

பணத்தை இந்த வரிசையில் விடுங்கள். முதலில், கணினியில் இப்போது இருக்கும், இன்னும் சீராக்காத தொகுப்பை, படத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத முப்பது நாற்பது பேருக்கு, உங்கள் தோட்டத்தைச் சேராத ஓர் ஊரில் போட்டுக் காட்டுங்கள். நடுவில் எழுந்து போகிறவர்களையும், முடிந்தபின் "இதை எப்போது போடுவீர்கள், வீட்டாரைக் கூட்டி வர வேண்டும்" என்று கேட்கிறவர்களையும் எண்ணுங்கள். பாராட்டை எண்ண வேண்டாம். அடுத்து, தொலைக்காட்சிக்காரரிடம் எழுத்தில் ஒப்பந்தமும் முற்பணமும் கேளுங்கள். அது கைக்கு வரும்வரை உங்கள் கணக்கில் அந்த 3 இலட்சம் பூச்சியம். மூன்றாவதாக, ஸ்டூடியோவிடமும் எடிட்டரிடமும் 11 இலட்சத்தில் 3 இலட்சத்தை வருமானத்திலிருந்து பெற்றுக்கொள்ளச் சம்மதிப்பார்களா என்று பேசுங்கள். இந்தத் தொழிலைத் தெரிந்தவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு மறுத்தால், அதையும் ஒரு மதிப்பீடாக எடுத்துக்கொள்ளுங்கள். சம்மதித்தால், தொலைக்காட்சி முற்பணம் 3 இலட்சம் போக அப்பாவிடம் கேட்க வேண்டியது 5 இலட்சம்தான். நகை பெட்டியிலேயே இருக்கும்.

படங்களைத் தணிக்கை செய்யும் பொது அரங்காற்றுகைச் சபையின் அனுமதியை முதல் திரையிடலுக்கு முன்பே பெற்றுவிடுங்கள். மண்டபம்தானே என்று விட்டுவிட வேண்டாம், டிக்கெட் விற்றுக் காட்டுவது பொதுக் காட்சியே. மண்டபங்களில் வரும் பணத்தை அப்பாவுக்கும் ஸ்டூடியோவுக்கும் 5க்கு 3 என்ற விகிதத்தில் அந்தந்த வாரமே பிரித்துக் கொடுங்கள். அவர்கள் இருவரும் முழுதாகப் பெற்றபின்தான் உங்களுக்கும் நண்பர்களுக்கும் பங்கு. பத்து ஊர்களும் நிறைந்தால், அந்த எண்ணிக்கைகளோடு கொழும்பில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கத்துத் தியேட்டர்காரர் ஒருவரிடம் போகலாம். நம் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் அங்கே வேலை செய்கிறார்கள், அவர்களின் ஆவல் அப்போதும் தீராமல் இருக்கும். அந்த வெளியீட்டுச் செலவுக்கு, உங்களிடம் டிக்கெட் எண்ணோடு கணக்கு இருப்பதால், விநியோகஸ்தரே ஒரு பகுதியை ஏற்கக் கூடும்.

இணையத்தில் போட்டால் வருடக்கணக்கில் வரும் என்றும் உங்களிடம் சொல்வார்கள். வரும், ஆனால் சிறு தொகையாக. அமெரிக்கக் கணக்கீட்டு நியமங்களில் படத்தின் செலவைப் பதிந்து சிறிது சிறிதாகக் கழிக்கும்போது, எதிர்பார்க்கும் மொத்த வருமானத்தில் ஒவ்வொரு காலப்பகுதியிலும் எவ்வளவு வந்தது என்ற விகிதத்தில்தான் செலவைக் குறைப்பார்கள். முதல் வெளியீட்டிலிருந்து பத்து வருடத்துக்கு அப்பால் வரக்கூடியதைப் பொதுவாக அந்த மொத்தத்தில் சேர்க்க விடமாட்டார்கள். பெரிய ஸ்டூடியோக்களுக்கே அப்படி என்றால், உங்கள் படத்துக்கு முதல் வருடத்துக்கு அப்பால் வருவதைக் கணக்கில் சேர்க்காமல், வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதே சரி.

அப்பாவிடம் 5 இலட்சம் வாங்கும் நாளிலேயே மீதி 7 இலட்சத்தை அவர் பெயரில் ஒரு வருட நிலையான வைப்பில் போடச் சொல்லி, ரசீதை அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். படம் பாதியில் நிற்கும்போது ஸ்டூடியோவிலிருந்து "இன்னும் ஒரு இலட்சம் இருந்தால் முடிந்துவிடும்" என்று அழைப்பு வரும். அந்த நேரத்தில் உங்கள் கைக்கு எட்டும் இடத்தில் அந்தப் பணம் இருக்கக் கூடாது.